204-ஐ உள்ளே போய்ப் பார்த்தது யார்?

சின்ன லாட்ஜ்களில் ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் ஆணியில் ஒரு அட்டை தொங்கும். அறை எண், சுத்தம் செய்தவர் பெயர், பெட்ஷீட், டவல், பாத்ரூம், டிவி என்று கட்டங்கள் இருக்கும். எல்லாவற்றிலும் டிக். கடைசிக் கட்டத்தில் சூப்பர்வைசர் கையெழுத்து. பதினாறு அறைக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, மேலிருந்து கீழே ஒரே மூச்சில் இறங்கிய கையெழுத்து. பல அறைகளுக்குள் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

அறைக்குள் போகாமல் நிரப்பவே முடியாதபடி ஒரு தாளைத் தயாரிக்க முடியுமா? முடியும். அதற்கு முதலில் அறைக்குள் என்ன நடக்க வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

கும்பகோணம் மாதிரி ஒரு கோயில் ஊரில் 24 அறை கொண்ட லாட்ஜை வைத்துக்கொள்வோம். இரண்டாம் மாடியில் 204. காலை பதினோரு மணிக்கு ஒரு குடும்பம் காலி செய்கிறது, மதியம் இரண்டு மணிக்கு அடுத்த குடும்பம் வருகிறது. சுத்தம் செய்கிறவர் கதவைத் தட்டி, சத்தம் கொடுத்து, பதில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே போகிறார். ஜன்னலைத் திறக்கிறார். கட்டிலுக்கு அடியிலும் அலமாரியிலும் யாராவது எதையாவது விட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்க்கிறார். சார்ஜரோ மோதிரமோ கிடைத்தால் அறை எண்ணும் நேரமும் எழுதி உடனே ரிசப்ஷனில் கொடுத்துவிட வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் பழி அவர் மேல்தான் விழும்.

அடுத்து கட்டிலுக்குப் போகத்தான் கை துடிக்கும். போகக் கூடாது. முதலில் பாத்ரூமில் கமோடுக்கும் வாஷ்பேசினுக்கும் உரிய திரவத்தைத் தெளித்துவிட்டு வர வேண்டும். கறை ஊறுவதற்கு ஐந்து முதல் பத்து நிமிடம் தேவை. ஊறவிடாமல் தேய்த்தால் கைதான் வலிக்கும். நம் ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் பல இடங்களில் ஆசிட் ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. அதோடு பிளீச்சிங் பவுடரையும் சேர்ப்பவர்கள் உண்டு. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் மூச்சுத் திணறி விழ அது போதும். ஒரு தளத்தின் வாளியில் இரண்டும் ஒன்றாக இருக்கவே கூடாது என்பது எழுதி ஒட்ட வேண்டிய விதி.

பாத்ரூம் ஊறும் நேரத்தில் படுக்கை விரிப்புகளை உருவலாம். உருவியதும் மெத்தையின் தையல் ஓரத்தையும் தலைமாட்டுப் பலகையின் இடுக்கையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். பேனா முனையால் தொட்டு வைத்ததுபோல் கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். அந்த அறையை அன்றைக்கு யாருக்கும் கொடுக்கக் கூடாது. பிறகு மின்விசிறி. பழைய தலையணை உறை ஒன்றை இறக்கையில் மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே தங்கிவிடும். புதிய விரிப்பு போட்ட பிறகு விசிறியைத் துடைப்பவர் அந்த விரிப்பை இரண்டாம் முறை மாற்றத் தயாராக இருக்க வேண்டும்.

மேலிருந்து கீழே தூசி தட்டி, கட்டிலை விரித்து, பாத்ரூமைத் தேய்த்துக் கழுவி, கடைசியாக ஜன்னல் பக்கத்திலிருந்து பின்வாங்கியபடியே தரையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட வேண்டும். கமோடு துடைக்கும் துணிக்கு ஒரு நிறம், மற்றவற்றுக்கு வேறு நிறம். தண்ணீர் குடிக்கும் தம்ளரை அறையில் எந்தத் துணியாலும் துடைக்கவே கூடாது, கீழே அனுப்பிக் கழுவி எடுத்து வர வேண்டும். முழுதாகக் காலியான அறைக்கு இதெல்லாம் சேர்த்து 35 நிமிடம் ஆகும்.

“அக்கா, 204 முடிஞ்சுது” என்ற பிறகுதான் சூப்பர்வைசரின் வேலை தொடங்குகிறது. கதவைத் திறந்ததும் அவர் முதலில் செய்ய வேண்டியது மோப்பம் பிடிப்பது. ஒரு நிமிடம் உள்ளே நின்றால் மூக்கு பழகிவிடும், ஈர வாடையும் சிகரெட் வாடையும் பிறகு தெரியாது. அடுத்து வாசலின் இடப்பக்கத்தில் தொடங்கி சுவரை ஒட்டியே ஒரு சுற்று. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மேலே பார்க்க வேண்டும். விருந்தாளி படுத்ததும் பார்க்கப்போவது விசிறியையும் மூலை ஒட்டடையையும்தான். பாத்ரூமில் கமோடு மூடிமேல் உட்கார்ந்து கதவின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். நின்றபடி பார்ப்பவர் கண்ணுக்கு அது படாது. செல்போன் டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் ஈரத் தரையில் ஒட்டிய தலைமுடி தனியாகத் தெரியும். புகார்களில் பாதி அந்த ஒரு முடியில்தான் பிறக்கிறது என்பேன்.

இனி அந்தத் தாள். “கீசர் சரி” என்று கட்டம் இருந்தால் டிக் விழும். “சுடுதண்ணீர் எத்தனை நிமிடத்தில் வந்தது” என்று கேட்டால் குழாயைத் திறந்தே ஆக வேண்டும். “டிவி சரி” என்பதற்குப் பதில் “ஓடிய சேனல்”. “டவல்” என்பதற்குப் பதில் எண்ணிக்கை. இப்படி மூன்று நான்கு கட்டங்கள் போதும், முப்பது கட்டம் வைத்தால் திரும்பவும் டிக் மழைதான். கூடவே சுத்தம் செய்தவர் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சூப்பர்வைசர் பார்த்த நேரம், கண்ட குறை, சரிசெய்த நேரம் ஆகியவை வேண்டும். நம் 204-இல் பார்த்த நேரம் 12.10. சுடுதண்ணீர் 4 நிமிடம். குறை: ஃப்ளஷ் டேங்கில் கசிவு. பிளம்பர் வந்து வாஷர் மாற்றியது 12.50. மறுபடி ஃப்ளஷ் செய்து பார்த்து 12.55-க்குக் கையெழுத்து. அதுவரை ரிசப்ஷன் அந்தச் சாவியைக் கொடுக்கக் கூடாது. கையெழுத்துக்கு உண்மையான அதிகாரம் இருப்பது இந்த இடத்தில்தான்.

குறை என்ற கட்டம் ஒரு வாரம் முழுக்கக் காலியாகவே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். 24 அறையில் ஒரு பல்புகூடப் போகாத வாரம் அபூர்வம். உரிமையாளர் தினமும் கையெழுத்தான இரண்டு அறைகளைத் தானே தேர்ந்தெடுத்து, தாளைக் கையில் வைத்துக்கொண்டு திறந்து பார்த்தால் போதும். சூப்பர்வைசர் லீவு என்று சுத்தம் செய்தவரே கையெழுத்தும் போடும் பழக்கத்தை மட்டும் எந்த நாளும் அனுமதிக்கக் கூடாது.

கோயில் ஊர்களில் 24 மணி நேர செக் அவுட் ஒரு தனிச் சிக்கல். விடியற்காலை நான்கு மணிக்குக் காலியாகும் அறையைப் பார்க்க சூப்பர்வைசர் இருக்க மாட்டார். முந்தைய நாள் கையெழுத்தான இரண்டு அறைகளைப் பூட்டி வைத்து இரவு வருபவர்களுக்கு அவற்றைக் கொடுத்துவிட்டு, நான்கு மணி அறையைக் காலையில் பார்ப்பதே நல்ல வழி.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு நாளில் 16 அறை காலியாகிறது, ஆறு அறையில் ஆட்கள் தொடர்ந்து தங்குகிறார்கள். காலியான அறைக்கு 35 நிமிடம், தங்கியிருப்பவர் அறைக்கு 20 நிமிடம் என்றால் மொத்தம் 680 நிமிடம், பதினோரு மணி நேரத்துக்கும் மேல். சாப்பாடு, டீ போக ஒருவர் ஒரு ஷிப்டில் வேலை செய்யக்கூடியது ஏழு மணி நேரம். இந்த 22 அறையையும் ஒரே ஆளிடம் கொடுத்திருக்கும் லாட்ஜில் எவ்வளவு கெட்டிக்காரத்தனமான தாள் அச்சடித்தாலும் அதில் பொய்தான் ஏறும். அப்படிப்பட்ட உரிமையாளர்கள் தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் இன்னொரு ஆளை வேலைக்கு எடுக்கட்டும்.