சந்து முனையில் நின்றுவிடும் சிவப்பு வண்டி

2019 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்பே டெல்லி அனாஜ் மண்டிக்குத் தீயணைப்பு வண்டிகள் வந்துவிட்டன. ஆனால் தீப்பிடித்த கட்டடம் சந்துக்குள் இருந்தது. பை தைக்கும் பட்டறை அது. வேலை செய்த இடத்திலேயே தொழிலாளர்கள் படுத்திருந்தார்கள். வீரர்கள் நடந்தே உள்ளே போய், மயங்கிக் கிடந்தவர்களைத் தோளில் சுமந்து வந்தார்கள். 43 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையில் மூச்சுத்திணறி.

வண்டி சந்துக்குள் நுழைய என்ன வேண்டும்?

பெரிய தீயணைப்பு வண்டியின் அகலம் சுமார் 2.5 மீட்டர். பக்கக் கண்ணாடிகளுக்கும், கதவைத் திறந்து குழாய்களை இறக்குவதற்கும் அதற்கு மேல் இடம் வேண்டும். 4.5 மீட்டர் தெருவில் பகலில் அது சிரமமின்றிப் போய்விடும். இரவில் ஒரு ஓரமாக கார் நின்றால் 1.7 மீட்டர் போய், மிஞ்சுவது 2.8 மீட்டர். எதிர்ப்பக்கம் ஒரே ஒரு பைக் நின்றாலும் வழி அடைபட்டது. பத்திரத்தில் உள்ள அகலம் வேறு, இரவு பதினொரு மணிக்கு மிஞ்சும் அகலம் வேறு.

முனை திரும்புவது இன்னும் கடினம். நீளமான வண்டி திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை. உள்பக்கமாக ஒதுங்கி வரும். வண்டியின் மூக்கோ எதிர்ச்சுவரை நோக்கிப் போகும். அதனால்தான் உயரமான கட்டடங்களைச் சுற்றி 6 மீட்டர் அகல வழியும், 9 மீட்டர் திரும்பு ஆரமும் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பழைய தெருக்களின் முனையில் ஒரு படிக்கட்டோ டிரான்ஸ்பார்மரோ நீட்டிக்கொண்டிருந்தால் திரும்ப முடியாது.

தலைக்கு மேலே மின்கம்பிகளும் கேபிள்களும் தொங்கினால், வண்டி உள்ளே வந்தும் ஏணியை நிமிர்த்த முடியாது. மின்சாரத்தை நிறுத்தியதை உறுதிசெய்யும்வரை கம்பி அருகே தண்ணீர் பீய்ச்சுவதும் ஆபத்து.

வண்டி முனையிலேயே நின்றுவிட்டால் மிச்சம் குழாய்தான். ஒரு சுருள் 15 மீட்டர் என்றால், 100 மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு ஏழு சுருள்களை இணைக்க வேண்டும். 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் நிரம்பவே சுமார் 330 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நீளம் கூடக்கூட உராய்வில் அழுத்தம் குறையும். நிறுத்திய பைக்கின் சக்கரத்தைச் சுற்றி எங்காவது மடிந்தால் மறுமுனையில் நீர் சன்னமாகிவிடும். 4,500 லிட்டர் கொண்ட வண்டி, நிமிடத்துக்கு 450 லிட்டர் பீய்ச்சினால் பத்தே நிமிடத்தில் காலியாகும். அதற்குள் அடுத்த வண்டி முதல் வண்டியின் பின்னால் வந்து சேர வேண்டும். சேர்ந்தால்தான் தண்ணீர் தடையின்றிப் போகும்.

தெருவாசிகள் இதை இன்றிரவே பார்த்துவிடலாம். எல்லா வண்டிகளும் வந்து நின்ற பிறகு, 2.5 மீட்டர் நீளமுள்ள கம்பு ஒன்றைக் குறுக்கே பிடித்தபடி தெருமுனையிலிருந்து கடைசி வீடுவரை நடந்தால், அது முட்டும் முதல் இடம் தெரியும். பெரும்பாலும் அது வளைவில் நிற்கும் ஒரு பைக்காக இருக்கும்.