புது ஷூ கடிச்சு குதிகாலில் கொப்புளமா? உடைக்கலாமா, விடலாமா? எப்போது டாக்டரிடம் போகணும்?

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் பல வீடுகளில் கேட்கிற புலம்பல்தான் இது. "அம்மா, ஷூ கடிக்குது." "ரெண்டு நாள்ல பழகிடும், போட்டுட்டுப் போ." அந்த ரெண்டு நாளுக்குள் குதிகாலில் நீர் கோத்த கொப்புளம் வந்துவிடும். அதைக் கிள்ளி உடைத்து, தோலை உரித்துவிட்ட பிறகுதான் உண்மையான தொல்லையே ஆரம்பிக்கும்.

கொப்புளம் எப்படி வருகிறது?

ஷூ தோலை "தேய்த்து" புண்ணாக்குகிறது என்றுதான் நினைக்கிறோம். நடப்பது கொஞ்சம் வேற. ஒரு கையின் பின்புறத்தில் இன்னொரு கையின் விரல் நுனியை அழுத்தி வைத்து, விரலை வழுக்கவிடாமல் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். மேல்தோல் விரலோடு ஒட்டியே போகும், உள்ளே இருக்கும் எலும்பு நகராது. குதிகாலிலும் இதுதான் கதை. வியர்வையில் நனைந்த தோல் சாக்ஸோடும் ஷூவோடும் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு அடிக்கும் உள்ளே குதிகால் எலும்பு மேலும் கீழும் போகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தோலின் அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிய்ந்து, அந்த இடைவெளியில் நீர் நிறைகிறது.

இது புரிந்துவிட்டால் இன்னொன்றும் புரியும். ஷூ இறுக்கமாக இருந்தால் மட்டும் கடிப்பதில்லை. "வளர்ற பிள்ளைதானே" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கிய ஷூவில் குதிகால் ஏறி இறங்குவது இன்னும் அதிகம். அதுவும் அதே அளவுக்குக் கடிக்கும்.

முதல் எரிச்சலிலேயே என்ன செய்யலாம்?

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலை புது கறுப்பு ஷூ. இரண்டாவது பீரியடிலேயே வலது குதிகால் சுடுகிற மாதிரி எரிகிறது. இடைவேளையில் ஷூவைக் கழற்றிப் பார்த்தால் சிவந்திருக்கிறது, கொப்புளம் இன்னும் வரவில்லை. தடுக்க முடிகிற கட்டம் இதுதான். வியர்வையைத் துடைத்துவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் பேப்பர் டேப்பை சுருக்கம் இல்லாமல் ஒட்டினாலே போதும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் நெடுந்தூர ஓட்டக்காரர்களை வைத்து நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சாதாரண டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் சுமார் 40 சதவீதம் குறைந்தது.

வாஸ்லின் தடவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தடவியவுடன் வழுக்கும், நல்லாத்தான் இருக்கும். ஆனால் சில மணி நேரத்தில் வியர்வையோடு சேர்ந்து பிசுபிசுப்பாகி, உராய்வு முன்பைவிட கூடவும் செய்யலாம். நாள் முழுக்க பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு டேப்தான் சரி.

நம் மாணவி டேப் ஒட்டவில்லை. சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம்.

உடைக்கலாமா, கூடாதா?

வலி தாங்கும் அளவில் இருந்தால் தொடவே வேண்டாம். கொப்புளத்தின் மேல்தோல்தான் கிருமி புகாமல் காக்கும் மூடி. அதற்கு அடியில் ஓரிரு நாளிலேயே புதுத் தோல் உருவாக ஆரம்பித்துவிடும். நீரைச் சில நாட்களில் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும்.

ஆனால் கொப்புளம் பெரிதாக, விண்ணென்று புடைத்து, கால் ஊன்றவே முடியவில்லை என்றால் நீரை மட்டும் வெளியேற்றலாம். கைகளையும் குதிகாலையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஹேர்பின், தையல் ஊசி, நெருப்பில் காட்டி கரி பிடித்த ஊக்கு எதுவும் வேண்டாம். மருந்துக்கடையில் உறை பிரிக்காத புது சிரிஞ்ச் ஊசி சில ரூபாய்க்குக் கிடைக்கும். கொப்புளத்தின் நடுவில் குத்தாமல், கீழ் ஓரத்தில் இரண்டு இடங்களில் லேசாகக் குத்தி, சுத்தமான காஸ் துணியால் மெல்ல அழுத்தினால் நீர் வடிந்துவிடும். மேல்தோலை மட்டும் உரிக்கவே கூடாது. அது அப்படியே படிந்து கிடக்கட்டும். மறுநாள் நீர் திரும்பக் கோத்தால் இதேபோல் இன்னொரு முறை செய்யலாம்.

உள்ளே ரத்தம் கோத்து கருஞ்சிவப்பாக இருக்கும் கொப்புளத்தை வீட்டில் குத்த வேண்டாம்.

எந்தக் கட்டு போடுவது?

வாஸ்லின் மெல்லிசாகத் தடவி, ஒட்டாத காஸ் வைத்து டேப் போடுங்கள். பிளாஸ்திரி போடுவதென்றால் நடுவில் இருக்கும் பஞ்சுப் பகுதி கொப்புளத்தைவிட பெரிதாக இருக்க வேண்டும். பசை கொப்புளத்தின் மேல் பட்டால், மறுநாள் பிளாஸ்திரியோடு அந்த மூடியும் சேர்ந்து வந்துவிடும். பல பேருக்குப் புண் பெரிதாவது இப்படித்தான். கட்டை தினமும் மாற்றுங்கள். நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

மூடி ஏற்கெனவே பிய்ந்து சிவந்த சதை தெரிகிறதா? ஹைட்ரோகொலாய்டு டிரெஸ்ஸிங் என்று கேட்டு வாங்கலாம். ஜெல் போன்ற மெத்தை மாதிரி இருக்கும், விலை கொஞ்சம் கூட. ஒருமுறை ஒட்டினால் இரண்டு மூன்று நாள் விட்டுவிடலாம். அடியில் வெள்ளையாக உப்பி வருவதைப் பார்த்து சீழ் என்று பயப்பட வேண்டாம், புண்ணின் ஈரத்தை அது உறிஞ்சும்போது அப்படித்தான் ஆகும். ஆனால் ஏற்கெனவே சீழ் பிடித்த புண் மேல் இதை ஒட்டக் கூடாது, கிருமியை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரி ஆகிவிடும்.

மஞ்சள் தூள், டூத்பேஸ்ட், காபித் தூள் எல்லாம் சமையலறையிலேயே இருக்கட்டும். ஸ்பிரிட்டை அந்தச் சதையில் ஊற்றுவதும் எரிச்சலைத்தான் கூட்டும். சோப்பும் சுத்தமான தண்ணீரும் போதும்.

நம் மாணவி செவ்வாயும் புதனும் குதிகால் திறந்த செருப்போடு பள்ளிக்குப் போக வேண்டும். வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும் விஷயம் இது. அதே ஷூவை மறுபடி மாட்டினால் எந்தக் கட்டும் நிற்காது.

கிருமித் தொற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு கொப்புளம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். 1924-ல் அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜின் 16 வயது மகன், சாக்ஸ் போடாமல் டென்னிஸ் ஆடியதில் கால்விரலில் கொப்புளம் வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்து ஒரு வாரத்தில் இறந்துபோனான். பெனிசிலின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. இன்று மருந்து இருக்கிறது, ஆனால் நேரத்துக்குப் போனால்தான் உதவும்.

சாதாரணக் கொப்புளத்தின் வலி நாளுக்கு நாள் குறையும். இரண்டு நாளுக்குப் பிறகு வலி கூடுகிறது, விண்விண் என்று தெறிக்கிறது, தொட்டால் சுடுகிறது, தெளிந்த நீர் மாறி மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் சீழ் வருகிறது என்றால் தொற்று தொடங்கிவிட்டது. சந்தேகமாக இருந்தால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றி பால்பாயிண்ட் பேனாவால் கோடு போடுங்கள். சில மணி நேரம் கழித்து சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். சிவப்புக் கோடு காலில் மேல் நோக்கி ஏறுவது, தொடை இடுக்கில் நெறி கட்டுவது, குளிர் காய்ச்சல் வருவது இவையெல்லாம் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சு என்பதையும் அங்கே சொல்லுங்கள். மீதமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களாக எடுத்துப் போடாதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு விதி வேறு

மேலே சொன்ன "நீரை வெளியேற்றலாம்" என்பது இவர்களுக்குப் பொருந்தாது. காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஷூ கடிப்பதே தெரியாது. வாக்கிங் போக மகன் வாங்கிக் கொடுத்த புது ஷூவைக் கழற்றும்போது சாக்ஸில் ஈரக் கறை இருக்கும், அப்போதுதான் தெரியவரும். வலி இல்லை என்பதால் விட்டுவிடுவார்கள், ரத்த ஓட்டமும் குறைவாக இருந்தால் புண் ஆறாது. சின்னக் கொப்புளமாக இருந்தாலும் ஊசி வைக்காமல், சுத்தமான காஸால் மூடி, அன்றோ மறுநாளோ டாக்டரிடம் காட்டுங்கள். புது ஷூ போட்ட முதல் சில நாட்கள் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி, குதிகாலைக் கண்ணால் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லலாம்.