பத்தாயிரம் மில்லிமீட்டர் யாருக்கு வேண்டும்?

மழை ஜாக்கெட்டின் லேபிளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றில் 10,000 மி.மீ., 10,000 கிராம் என்று போட்டிருக்கும். பக்கத்தில் தொங்குவதில் இரண்டுமே 20,000. விலையும் அதற்கேற்ப எகிறும். முதல் எண் தண்ணீரைத் தடுக்கும் திறன், இரண்டாவது வியர்வை ஆவியை வெளியே விடும் திறன்.

முதல் எண்ணை அளக்கும் முறை எளிது. துணியை ஒரு வளையத்தில் இறுக்கிப் பிடித்து, ஒரு பக்கம் தண்ணீரின் அழுத்தத்தைச் சீராக ஏற்றுவார்கள். மறுபக்கம் மூன்றாவது துளி எட்டிப்பார்த்ததும் நிறுத்துவார்கள். அந்த அழுத்தம் வர, துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டுமோ அதுதான் லேபிளில் உள்ள மில்லிமீட்டர். 10,000 என்றால் பத்து மீட்டர், ஏறக்குறைய மூன்று மாடி. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஒரு கிலோ எடை உட்கார்ந்ததற்குச் சமம்.

மழை அப்படி அழுத்துவதில்லை. மழை உடைகளுக்கான ஐரோப்பியத் தர விதியில் உச்ச வகுப்புக்கே சுமார் 2,000 மி.மீ. போதும். துணியைச் சோதிப்பது மழையைவிட நம் உடம்புதான். 70 கிலோ எடையுள்ளவர் ஈரத் தரையில் மண்டியிட்டால், ஒரு முட்டிக்கு 35 கிலோ. முட்டி தரையைத் தொடும் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அழுத்தம் 7,000 மி.மீ. ஆகிவிடும். ஆக, மழைக்கால்சட்டைக்குப் பெரிய எண் கேட்பதில் நியாயம் உண்டு. பை மாட்டாமல் நடந்துபோகிறவரின் சட்டைக்கு 20,000 எதற்கு?

அந்தக் கூடுதல் எண் சும்மா வருவதில்லை. விலை குறைந்த ஜாக்கெட்டுகள் பலவற்றில் நைலான் துணியின் உட்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். பெரும்பாலும் அதில் துளையே கிடையாது. வியர்வை ஆவி பூச்சுக்குள் கரைந்து, ஊர்ந்து, மறுபக்கம் வெளியேறுகிறது. பூச்சைத் தடிமனாக்கினால் தண்ணீரைத் தாங்கும் அழுத்தம் கூடும். ஆவி கடக்க வேண்டிய தூரமும் அதே அளவு கூடி, வெளியேறும் வேகம் குறையும்.

கோர்டெக்ஸ் வேறு வழியில் போனது. 1969-இல் பாப் கோர், டெஃப்லான் என்று நாம் அறிந்த பொருளை வெடுக்கென்று இழுத்து, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த சவ்வாக்கினார். நீராவி மூலக்கூறு தாராளமாக நுழையும்; தண்ணீர்த் துளி நுழையாது. ஆனால் உடம்பின் எண்ணெய்ப்பசை துளைகளில் படிந்ததும் தண்ணீர் கசியத் தொடங்கியது. அதைத் தடுக்க உட்பக்கம் பாலியூரித்தேன் படலம் ஒன்றைச் சேர்த்தார்கள். கசிவு நின்றது, ஆவியின் பாதையில் இன்னொரு சுவர் எழுந்தது.

இனி இரண்டாவது எண். ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் ஆவி போகிறது என்பது கணக்கு. 20,000 என்றால் மணிக்கு 830 கிராம். மலையேறுகிறவருக்கு மணிக்கு அரை லிட்டர், சிலருக்கு ஒரு லிட்டர்கூட வியர்க்கும். அதற்கு இது போதும்போலத்தான் தோன்றுகிறது. சிக்கல் அளக்கும் முறையில். இதற்குச் சோதனைகள் பல. ஒரே துணி ஒன்றில் மிகக் குறைவாகவும் இன்னொன்றில் பல மடங்கு அதிகமாகவும் காட்டும். எந்தச் சோதனை என்று எழுதாத லேபிளை இன்னொரு லேபிளோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

மேலும், ஆவியை வெளியே தள்ளுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஈர வித்தியாசம்தான். பத்து டிகிரி குளிரில் அந்த வித்தியாசம் பெரிது. 25 டிகிரியில் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும் நம்மூர் ஐப்பசி மழையில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். எவ்வளவு விலை கொடுத்தாலும் துணியால் இதை மாற்ற முடியாது. அக்குளடி ஜிப்பைத் திறந்துவிடுவது இங்கே அதிகம் உதவும்.

வெளித்துணியில் தண்ணீர் உருண்டோடும்படி போட்டிருக்கும் மேல்பூச்சு தேய்ந்தாலும் இதே கதிதான். துணி கறுத்து ஊறும், ஆவி போக வழியிருக்காது, உள்ளே வியர்வை திரளும். ஜாக்கெட் ஒழுகுகிறது என்று பலரும் தூக்கிப்போடுவது இப்போதுதான். துவைத்து, லேபிளில் அனுமதி இருந்தால் இளஞ்சூட்டில் உலர்த்தினால் பூச்சு பெரும்பாலும் திரும்ப வேலைசெய்யும்.

உண்மையான ஒழுகல் தையலிலோ ஜிப்பிலோ தோள்பட்டையில் பை அழுத்தும் இடத்திலோ தனியாகத் தெரியும். முதுகும் முன்கையும் ஒரே சீராக நனைந்திருந்தால் அது வியர்வை. லேபிளின் எண் துணிக்கு மட்டும்தான், ஊசித் துளைகளுக்கு அல்ல. கடையில் ஜாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பி, எல்லாத் தையல் மேலும் டேப் ஒட்டியிருக்கிறதா, தோளிலும் தொப்பியிலும் மட்டும்தானா என்று பார்த்துவிடுங்கள்.