"மிஸ், அவ பதில் சொல்றா!"

போன ஜூனில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் புதிதாகச் சேர்ந்தாள். மாலை ஆறரை மணிக்கு ஜூமில் கணக்கும் ஆங்கிலமும். "செவன்டீன் ஃபோர்ஸார் எவ்வளவு?" என்று கேட்பேன். "...டி எய்ட்" என்று பதிலின் வால் மட்டும் வந்து சேரும். "சத்தமாச் சொல்லும்மா" என்பேன். மறுபடியும் வால்தான். மூன்று வாரம் பார்த்துவிட்டு அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். "பாப்பா பதில் சொல்லத் தயங்குறாம்மா, வாய்ப்பாடு இன்னும் கொஞ்சம் படிக்க வைங்க" என்றேன்.

"ஐயோ மிஸ், அவ பதில் சொல்றா! தொண்டை கட்டுற அளவுக்குக் கத்துறா. பக்கத்து வீட்டு ஆச்சிக்குக்கூடக் கேக்குது, உங்களுக்குத்தான் கேக்க மாட்டேங்குது" என்றார் அந்த அம்மா.

ஒரு கெட்டிக்காரப் பெண்ணை மந்தம் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். தப்பு அவளுடையதும் இல்லை, இன்டர்நெட்டுடையதும் இல்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்து, அதிலேயே கேட்டு, அதிலேயே பேசினாள். அதுதான் காரணம். என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் இதே ஏற்பாடுதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

நடப்பது இதுதான். நான் பேசுவது உங்கள் லேப்டாப்பின் ஸ்பீக்கரில் வருகிறது. ஒரு சாண் தள்ளி இருக்கும் அதே லேப்டாப்பின் மைக் அதையும் கேட்கிறது. அப்படியே விட்டால் என் குரல் எனக்கே எதிரொலியாகத் திரும்பி வரும். வரக்கூடாது என்று ஜூம், கூகுள் மீட் போன்ற செயலிகள் ஒரு வேலை செய்கின்றன. ஸ்பீக்கருக்கு என்ன ஒலி போனது என்பது செயலிக்குத் தெரியும். மைக்கில் வரும் ஒலியிலிருந்து அதைக் கழித்துவிட்டு, மிச்சத்தை எனக்கு அனுப்பும். ஒருவர் பேசி முடித்து மற்றவர் பேசும்வரை இது அருமையாக நடக்கும். நான் கேள்வியை முடிக்கும் முன்பே குழந்தை பதிலை ஆரம்பித்துவிட்டால் இரண்டு குரலும் கலந்துவிடும். எதிரொலியைக் கழிக்கும்போது குழந்தையின் குரலும் சேர்ந்து அடிபட்டுப் போகும். அதனால், யோசித்து நிதானமாகச் சொல்லும் பிள்ளைக்கு இந்தத் தொல்லை குறைவு. கேள்வி முடிவதற்குள் பதிலை வீசுகிற பிள்ளைக்குத்தான் வெட்டு அதிகம்.

இது நெட் கோளாறா, இந்தக் கோளாறா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. குழந்தையின் குரல் ரோபோ மாதிரி உடைந்து, படமும் உறைந்து நின்றால் நெட். படம் சீராக ஓடிக்கொண்டிருக்க, வார்த்தையின் தலை மட்டும் காணாமல் போனால் ஸ்பீக்கரும் மைக்கும் மோதுகின்றன. அதற்கு மருந்து ஒன்றுதான்: என் குரல் அறைக்குள் வராமல் குழந்தையின் காதுக்குள் மட்டும் போக வேண்டும். ஹெட்போன் மாட்டச் சொல்வது குழந்தைக்கு நன்றாகக் கேட்பதற்காக என்றுதான் பலரும் நினைக்கிறீர்கள். பாதிக் காரணம் அது. குழந்தை பேசுவது எனக்குக் கேட்பதற்கும் அதுதான் வழி.

அந்த அம்மாவிடம் வீட்டில் இருக்கும் போன் இயர்போனையே மாட்டச் சொன்னேன். மறுநாள் வார்த்தைகள் முழுசாக வந்தன. கூடவே குக்கர் விசில், மின்விசிறி, தம்பி விளையாடும் கார் என்று வீடே வந்தது. குழந்தையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "இயர்போன்ல இருக்கிற மைக்ல ஒரு விரல் நகத்தால லேசாக் கீறச் சொல்லுங்க" என்றேன். கீறினாள். எனக்கு ஒரு சத்தமும் இல்லை. "இப்ப லேப்டாப் திரைக்கு மேல கேமரா பக்கத்துல கீறச் சொல்லுங்க" என்றேன். கரகரவென்று காது கிழிந்தது. அதாவது, குழந்தை இயர்போனில் கேட்கிறாள், ஆனால் பேசுவது இன்னும் லேப்டாப்பின் மைக்கில்தான் போகிறது. இந்த நகச் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். எந்த மைக் உயிரோடு இருக்கிறது என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

காரணம் பின்னில் இருந்தது. போன் இயர்போனின் பின்னை எடுத்துப் பாருங்கள், அதில் மூன்று வளையங்கள் தெரியும். இடது காது, வலது காது, மைக், இவற்றுக்குப் பொதுவான ஓர் இணைப்பு என்று அதில் நான்கு தொடுமுனைகள். இரண்டு வளையம் மட்டும் இருந்தால் அதில் மைக் கிடையாது, கேட்க மட்டும்தான். இப்போதைய லேப்டாப்களில் பெரும்பாலும் மூன்று வளையப் பின்னுக்கு ஏற்ற ஒரே துளை இருக்கும். அந்த வீட்டில் இருந்தது பழைய லேப்டாப். அதில் ஹெட்போனுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என இரண்டு துளைகள். கம்ப்யூட்டரில் என்றால் பச்சை, ரோஸ் நிறத்தில் இருக்கும். ஹெட்போன் துளையில் செருகினால் காதுக்கு ஒலி வரும், மைக்குக்கு வழி இல்லை.

இதற்கு ஒரு சிறிய இரட்டை வால் கேபிள் கிடைக்கிறது. ஒரு பக்கம் இயர்போனைச் செருகும் துளை ஒன்று, மறுபக்கம் பின் இரண்டு. கடையில் சும்மா "ஸ்பிளிட்டர்" என்று கேட்டுவிடாதீர்கள். இரண்டு பேர் இரண்டு இயர்போனில் ஒரே பாட்டைக் கேட்பதற்கும் ஸ்பிளிட்டர் என்றே ஒன்று விற்கிறது. அதில் பின் ஒன்று, துளை இரண்டு. அந்த அம்மாவுக்கு முதலில் வந்தது அதுதான், திரும்பப் போய் மாற்றி வந்தார். நமக்கு வேண்டியதில் பின்கள் இரண்டு இருக்கும், ஒன்றில் ஹெட்போன் படமும் மற்றதில் மைக் படமும் போட்டிருக்கும்.

கேபிள் மாட்டியதோடு வேலை முடியவில்லை. விண்டோஸில் Settings, பிறகு System, பிறகு Sound போய், Input என்ற இடத்தில் புதிய மைக்கைத் தேர்ந்தெடுத்தோம். ஜூமிலும் மைக் படத்தின் ஓரத்தில் உள்ள சிறிய அம்புக்குறியைத் தொட்டு அதே மைக்கைத் தேர்ந்தெடுத்தோம். விண்டோஸில் ஒன்றும் ஜூமில் வேறொன்றும் இருந்தால் ஜூம் தன் பாட்டுக்குத் தன் மைக்கையே பிடித்துக்கொண்டிருக்கும். மறுபடி நகச் சோதனை. இந்த முறை இயர்போன் மைக் கரகரத்தது. குக்கர் விசில் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது.

விசில் தூரம் போனது மாயம் இல்லை. லேப்டாப் மைக் வாயிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. மைக்கை 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் அதில் விழும் குரலின் வலு சுமார் 10 மடங்காகும். மின்விசிறியும் குக்கரும் இருந்த தூரத்திலேயே இருக்கின்றன, அவற்றின் சத்தம் கூடாது. அதனால்தான் ஆயிரம் ரூபாய் லேப்டாப் மைக்கைவிட நூறு ரூபாய் இயர்போன் மைக் என் காதுக்கு நன்றாக இருக்கிறது. விலையைவிடத் தூரம்தான் கணக்கு. இயர்போன் மைக் நெஞ்சில் தொங்கி, சட்டைக் காலரிலும் சங்கிலியிலும் உரசும். ஒரு சின்னக் கிளிப்பால் காலருக்கு வெளியே குத்திவிடுங்கள். கம்பி நீண்ட ஹெட்செட் என்றால் மைக் வாய்க்கு நேரே வேண்டாம். இரண்டு விரல் தள்ளி, உதட்டின் ஓரமாக, சற்றுக் கீழே இருக்கட்டும். நேரே வைத்தால் 'ப', 'ஃப' சொல்லும்போதெல்லாம் மூச்சுக்காற்று மைக்கில் அடித்து டப்டப் என்கும்.

செயலிகளில் இரைச்சல் நீக்கும் வசதி இருக்கிறதே என்று சில அப்பாக்கள் கேட்டார்கள். ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறிச் சத்தத்தை அது நன்றாகவே நீக்கும். டிவி சீரியலில் அழுபவர் குரலை நீக்காது, அதுவும் மனிதக் குரல்தானே. இன்னொன்று, அதைக் கூட்டி வைத்தால் மெதுவாகப் பேசும் குழந்தையின் குரலையே இரைச்சல் என்று தின்றுவிடும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அதைக் குறைத்து வைத்து, மைக்கைக் கிட்டே கொண்டுவாருங்கள்.

புளூடூத் இயர்பட்ஸ் வாங்கித்தரச் சொல்லிப் பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள் என்று தெரியும். பாட்டுக் கேட்க அது நன்றாக இருக்கும். அதிலேயே மைக்கையும் பயன்படுத்த ஆரம்பித்ததும் பெரும்பாலும் அது போன் பேசும் முறைக்கு மாறிவிடும், ஒலியின் தரம் இறங்கும். பழைய, மலிவான கருவிகளில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி கிட்டத்தட்டப் போய்விடும். ஆங்கிலத்தின் 'ஸ்', 'ஃப்' ஒலிகளை வேறுபடுத்திக் காட்டும் பகுதி பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. டிக்டேஷனில் நான் 'சிக்ஸ்' என்று சொன்னதை ஒரு பையன் 'ஃபிக்ஸ்' என்று எழுதியதும், அவனுக்கு ஸ்பெல்லிங் வராது என்று நான் திட்டியதும் நடந்தது. வயர் போட்டதும் இரண்டும் சரியாகப் பிரிந்தன. வாங்கிவிட்டீர்கள் என்றால், ஜூமில் ஸ்பீக்கருக்கு இயர்பட்ஸையும் மைக்குக்கு லேப்டாப்பையும் தேர்ந்தெடுங்கள், குழந்தைக்குக் கேட்கும் ஒலி தேறிவிடும். எனக்கு மின்விசிறி கொஞ்சம் கேட்கும், பரவாயில்லை.

இனி காது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட தரத்தில், குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். ஒலி 3 டெசிபல் கூடினால் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 78-ல் 20 மணி, 81-ல் 10 மணி, 84-ல் 5 மணி. "குழந்தைகளுக்கானது, 85 டெசிபலுக்கு மேல் போகாது" என்று பெட்டியில் அச்சிட்ட ஹெட்போனை முழு ஒலியில் வைத்தால், இந்தக் கணக்கில் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். பள்ளிப் பாடம், என் டியூஷன், யூடியூப் எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரத்தில் அடங்குமா?

வீட்டில் டெசிபல் அளக்க வேண்டியதில்லை. குழந்தை ஹெட்போன் போட்டிருக்கும்போது ஒரு கை தூரத்தில் நின்று பாருங்கள். நான் பேசுவது உங்களுக்குப் புரிந்தால் ஒலி அதிகம். குறைத்துவிட்டு வந்தாலும் பிள்ளை திரும்பக் கூட்டுவான், ஏனென்றால் டிவி ஓடுகிறது. டிவியை நிறுத்தினால் அவனே குறைத்துக்கொள்வான். காதை மூடும் பெரிய ஹெட்போனில் வெளிச்சத்தம் குறைவதால் ஒலியும் குறைவாகவே போதும். ஆனால் தன் குரல் தனக்குக் கேட்காமல் சில பிள்ளைகள் அலறுவார்கள். அப்போது ஒரு காதை மட்டும் சற்று விலக்கி வையுங்கள். காதுக்குள் செருகும் வகையை அக்காவும் தம்பியும் மாற்றி மாற்றிப் போட வேண்டாம், ஆளுக்கொரு ஜோடி ரப்பர் முனையாவது இருக்கட்டும்.

ஒரே அறையில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வகுப்பு நடந்தால் இருவருக்கும் ஹெட்போன் வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டால் அடுத்தவருடைய டீச்சர் என் வகுப்பில் உட்கார்ந்திருப்பார். போன மாதம் ஓர் இந்தி டீச்சரின் பாடம் முழுவதையும் நான் கேட்டேன், நன்றாகத்தான் நடத்துகிறார்.

வரும் ஞாயிறு காலை 10 முதல் 11 வரை நம் வழக்கமான ஜூம் லிங்கைத் திறந்து வைத்திருப்பேன். பாடம் கிடையாது. உங்கள் இயர்போனோடு, இரட்டை வால் கேபிள் இருந்தால் அதோடும், வந்து நகத்தால் கீறிக் காட்டுங்கள். எந்த மைக் கேட்கிறது என்று நான் சொல்கிறேன். தலைக்கு இரண்டு நிமிடம் போதும்.