இறுகிய யூனியனும் இரண்டு ரெஞ்சும்

மோட்டாரைக் கழற்ற ஆள் வந்தாயிற்று. கரண்ட்டை நிறுத்தி, டெலிவரி லைனில் இருக்கும் வால்வையும் மூடியாயிற்று. மோட்டாருக்கு மேலே சுவரை நோக்கி ஏறும் ஒரு அங்குல ஜி.ஐ. பைப்பில் யூனியன் இருக்கிறது. அதன் நட்டைத் திருகினால் பைப் இரண்டாகப் பிரிந்து மோட்டார் தனியே வந்துவிடும். ஆனால் போர் தண்ணீரில் வருடக்கணக்கில் நனைந்த நட்டு அசைய மறுக்கிறது. வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

யூனியனில் மூன்று துண்டுகள் உண்டு. ஒரு பாதியின் வெளிப்புறத்தில் மரை இருக்கும். மறு பாதிக்கு ஒரு விளிம்பு மட்டும்தான். நட்டு அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு மரையுள்ள பாதியில் ஏறி, இரண்டையும் சேர்த்து இறுக்குகிறது. பைப்புக்கு வெளியே துத்தநாகப் பூச்சு இருந்தாலும், மரை வெட்டிய இடத்தில் பூச்சு போய் வெறும் இரும்பு நிற்கும். துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் மரைக்குள் அடைத்துக்கொள்கிறது.

இப்போது ஒரே ரெஞ்சை நட்டில் போட்டுத் தொங்கினால் என்ன ஆகும்? நட்டு கழலாது, யூனியன் முழுதும் சேர்ந்து திரும்பப் பார்க்கும். அந்த முறுக்கு கீழே மோட்டார் வாய்க்கும் மேலே சுவரில் புதைந்த எல்போவுக்கும் போகும். நடுத்தர ரக ஒரு அங்குலப் பைப்பின் கனம் சுமார் 3.2 மி.மீ. மரை அதில் ஏறக்குறைய 1.5 மி.மீ. தின்றுவிடுகிறது. மிஞ்சிய பாதியையும் துரு அரித்திருந்தால் நிப்பிள் அங்கேயே முறியும். முறியாமல் எல்போ லேசாகத் திரும்பினாலும் ஆபத்துதான். பல நாள் கழித்துச் சுவர் ஈரமாகும்போதுதான் அது தெரியவரும்.

அதனால்தான் இரண்டு ரெஞ்ச். ஒன்று நட்டில், மற்றொன்று மரையுள்ள பாதியில். விளிம்புப் பாதியைப் பிடித்தால் பயனில்லை, நட்டு அதில் மரை போட்டு ஏறவில்லை. நம் லைனில் மரைப் பாதி கீழே, மோட்டார் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து பார்த்தால் நட்டு கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கழலும். கீழ்ப்பாதியை அதே அளவு பலத்தோடு கடிகாரத் திசையில் பிடித்து நிறுத்த வேண்டும். முறுக்கு முழுவதும் இரண்டு ரெஞ்சுக்கும் இடையிலேயே முடிந்துவிடும். மோட்டாருக்கும் சுவருக்கும் அநேகமாக எதுவும் போகாது.

ரெஞ்சைப் போடும் விதத்தில் கவனம் வேண்டும். பைப் ரெஞ்ச் தன் வாய் திறந்திருக்கும் பக்கமாக இழுத்தால்தான் கடிக்கும். ஆகவே இரண்டின் வாயும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்க வேண்டும். பைப் வாயின் நடுவில் உட்கார வேண்டும். பைப்புக்கும் ரெஞ்சின் தண்டுக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி விடாவிட்டால் பல் வழுக்கும். கைப்பிடிகள் இரண்டும் உங்களை நோக்கி, கத்தரிக்கோல் பாதி திறந்ததுபோல் நிற்கட்டும். நட்டு ரெஞ்ச் இடக்கையில், கீழ் ரெஞ்ச் வலக்கையில். இரண்டையும் ஒன்றையொன்று நோக்கி நெருக்குங்கள். நட்டு விட்டுக்கொடுக்கும் நொடியில் கைப்பிடிகள் சட்டென்று மோதும். விரல்களை மடக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளினால் விரல் நசுங்காது.

இதற்கு முந்தின இரவே மரை வெளியே தெரியும் ஓரத்தில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் வேலை பாதி குறையும். காலையில் நட்டின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை முட்டுக்கொடுத்து, எதிர்ப்பக்கம் சின்னச் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். அதிர்வில் துரு வெடிக்கும், எண்ணெய் உள்ளே இறங்கும். அனலில் காட்டும் பழக்கம் இங்கே வேண்டாம். சூடேறிய துத்தநாகத்தின் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

நான் மிகவும் நம்பும் ஒரு வழி, சாக்பீஸ். தொடங்குமுன் மேலே பைப்பிலிருந்து நட்டு, கீழ்ப்பாதி, நிப்பிள், மோட்டார் வாய் வரை நேர்கோடு ஒன்று இழுங்கள். ஒவ்வொரு நெருக்கலுக்குப் பிறகும் கோட்டைப் பாருங்கள். நட்டுக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவே கோடு உடைந்தால் சரியான இடம் கழல்கிறது; செந்தூள் உதிர்வதும் தெரியும். கீழ்ப்பாதிக்கும் நிப்பிளுக்கும் நடுவே உடைந்தால் உடனே நிறுத்த வேண்டும். கீழ் ரெஞ்ச் போதவில்லை என்று அர்த்தம். நட்டு அசைந்ததும் முழுதும் திருப்பிவிடாதீர்கள். வால்வு வரை நிற்கும் தண்ணீர் மெல்ல வடியட்டும்.

நீண்ட குழாயைக் கைப்பிடியில் செருகி பலத்தைக் கூட்டும் வேலையை நான் ஏற்பதில்லை. ரெஞ்ச் வளையும், துருப்பிடித்த நிப்பிள் முறியும். இரண்டு நாள் எண்ணெய் விட்டும் அசையவில்லையென்றால் ஹாக்சா எடுத்து நட்டைச் சாய்வாக, மரையைத் தொடும் வரை அறுத்து, அந்த வெட்டில் உளியை வைத்துத் தட்டுங்கள். நட்டு பிளந்து விடும். புது யூனியன் வாங்கும்போது மூன்று துண்டும் ஒரே செட்டாக வாங்குங்கள். பழைய பாதியோடு புதுப் பாதியின் முகம் ஒட்டி உட்காராது, கசியும்.