நிறம் மாறாத மாப்பிள்ளை மேக்கப்

கல்யாணத்தில் மணப்பெண்ணின் மேக்கப்புக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே அட்வான்ஸ் போய்விடும். மாப்பிள்ளை மேக்கப் பெரும்பாலும் அந்தப் பேக்கேஜோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான். ரிசப்ஷனுக்குக் கிளம்பும் அவசரத்தில் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் இருக்கிற ஷேடைப் பூசி மேடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆல்பம் வந்த பிறகுதான் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்று தெரியவரும். அதை எந்தக் கழுவலும் சரிசெய்யாது.

இதற்குப் பயந்து மாப்பிள்ளைகள் அனுப்புகிற வாட்ஸ்அப் செய்தி பல சமயம் ஒரே வரிதான்: “மேடம், நேச்சுரலா இருந்தா போதும்.” இதைப் படிக்கிற கலைஞருக்கு உருப்படியான தகவல் எதுவும் கிடைப்பதில்லை. அவர் தொழிலில் நேச்சுரல் லுக் என்று ஒரு வகை இருக்கிறது. பிரைமர், ஃபவுண்டேஷன், கன்சீலர், பவுடர் எல்லாம் அதிலும் உண்டு, பூச்சுதான் மெல்லியது. மாப்பிள்ளை கேட்பதோ, போட்டிருப்பதே தெரியாத முகம். அது கிடைக்க வேண்டுமென்றால் தன் தோல் எப்படிப்பட்டது, எந்த வெளிச்சத்தில் நிற்கப் போகிறோம், என்ன உடுத்தப் போகிறோம், எங்கே கை வைக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும்.

மாநிறத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கறுப்பு, எண்ணெய் வடியும் நெற்றி, கண்ணுக்குக் கீழே கருவளையம், ட்ரிம் செய்த தாடி. இப்படி ஒரு தஞ்சாவூர்ப் பக்கத்து மாப்பிள்ளையை வைத்துக்கொள்வோம். அவர் அனுப்ப வேண்டிய செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“வணக்கம் மேடம். சனிக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன், கோட் போடுகிறேன். மேடையில் வீடியோ லைட் பலமாக இருக்கும். மறுநாள் காலை 6 மணியிலிருந்து 7.30 வரை முகூர்த்தம். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை. ஹோமம் உண்டு.

மூன்று போட்டோ அனுப்பியிருக்கிறேன். பகலில் ஜன்னல் பக்கம் நின்று எடுத்தவை இரண்டு, ஒன்று நேராக, ஒன்று பக்கவாட்டில். மூன்றாவது, வேலை முடிந்து வந்து முகம் கழுவாமல் எடுத்தது. எதிலும் ஃபில்டர் இல்லை, பியூட்டி மோடையும் அணைத்துவிட்டேன்.

என் நிறத்தை மாற்ற வேண்டாம். ஒரு ஷேடு கூட வெளுப்பாக வேண்டாம். வீட்டில் யாராவது கொஞ்சம் கலராகக் காட்டச் சொன்னாலும் செய்யாதீர்கள். கண்ணுக்குக் கீழே இருக்கிற கருப்பு பாதி குறைந்தால் போதும். மூக்கிலும் நெற்றியிலும் பளபளப்பு அடங்க வேண்டும். கன்னத்தில் இருக்கிற மச்சம் அப்படியே தெரியட்டும். தாடி மேல் எதுவும் பூச வேண்டாம். புருவத்தைச் சீவிவிட்டால் போதும். உதட்டுக்குக் கலர் வேண்டாம்.

முன்பு ஒரு க்ரீம் போட்டு முகம் சிவந்து அரித்திருக்கிறது, அதன் அட்டையைப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஒரு நாள் வந்து ட்ரையல் பார்த்துக்கொள்ளலாமா?”

முதலில் நிறத்தைப் பேசிவிடலாம், ஏனென்றால் மாப்பிள்ளை மேக்கப் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஃபவுண்டேஷன் ஷேடைப் புறங்கையில் தடவிப் பார்ப்பது பழக்கத்தில் இருக்கிறது. கையின் நிறம் முகத்தின் நிறம் அல்ல. தாடையின் ஓரத்தில், முகமும் கழுத்தும் சேருகிற இடத்தில், கோடு போல இழுத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் தோலில் கரைகிறதோ அதுதான் சரியான ஷேடு. அதையும் உடனே முடிவு செய்துவிடக் கூடாது. சில ஃபவுண்டேஷன்கள் தோலின் எண்ணெயோடும் காற்றோடும் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் ஒரு ஷேடு கறுத்துவிடும், சில ஆரஞ்சு அடிக்கும். கால் மணி நேரம் காத்திருந்து, அறையின் ட்யூப்லைட்டை விட்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

நம் ஊரில் நிறத்தைக் கெடுப்பது தொழில்நுட்பக் குறை மட்டுமில்லை. மணப்பெண்ணை இரண்டு ஷேடு வெளுப்பாக்கிவிட்டால் பக்கத்தில் நிற்கிற மாப்பிள்ளை இருப்பதைவிடக் கறுப்பாகத் தெரிவார். உடனே அத்தையோ சித்தியோ “தம்பிக்கும் கொஞ்சம் அடிச்சு விடும்மா” என்பார். கறுத்த தோல் மேல் வெளிர் ஷேடு போட்டால் தோல் வெளுக்காது, சாம்பல் பூத்தது போலாகும். காது, கழுத்து, கை எல்லாம் பழைய நிறத்திலேயே இருந்து அந்தப் பூச்சைக் காட்டிக்கொடுக்கும். சில குடும்பங்களில் முகூர்த்தத்தின்போது மாப்பிள்ளை சட்டை போடாமல் அங்கவஸ்திரத்தோடு உட்காருவார், அங்கே வித்தியாசம் இன்னும் அப்பட்டமாகத் தெரியும். அதனால்தான் அந்தச் செய்தியில் வீட்டார் சொன்னாலும் வேண்டாம் என்ற வரி அவசியம். அது கலைஞருக்குக் கையில் ஒரு பதிலைக் கொடுக்கிறது. இந்த விஷயத்தில் மாப்பிள்ளைதான் வாய் திறக்க வேண்டும். மணப்பெண்ணுக்கும் அவர் நிறமே வேண்டும் என்று அவரும் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

அடுத்தது கருவளையம். நம் தோலில் அது கருநீலமாகவோ அடர் பழுப்பாகவோ இருக்கும். அதன் மேல் தோல் நிறக் கன்சீலரை நேரே பூசினால் கருப்பு மேலே கசிந்து சாம்பல் நிறம் வரும். அதை மறைக்க மேலும் ஒரு பூச்சு, அதற்கு மேல் பவுடர் என்று போனால், சிரிக்கும்போது கண்ணுக்குக் கீழே கோடு கோடாக வெடித்துவிடும். சரியான வழி, முதலில் நீலத்தை அடக்குகிற கரெக்டர். மாநிறத்துக்குப் பீச் நிறம், கறுத்த தோலுக்கு ஆரஞ்சு. கருப்பு இருக்கிற இடத்தில் மட்டும், முக்கியமாக மூக்கை ஒட்டிய உள்மூலையில், அரிசி மணி அளவு எடுத்து மோதிர விரலால் ஒற்ற வேண்டும். தேய்த்தால் நகர்ந்துவிடும். அதன் மேல் தன் தோல் நிறத்திலேயே ஒரு மெல்லிய கன்சீலர், அவ்வளவுதான். பாதி குறைந்தால் போதும் என்று மாப்பிள்ளை எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. முழுவதும் மறைத்துவிட்டால் அவரைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு வேறு ஆள் போலத் தெரியும்.

இந்த மாப்பிள்ளைக்கு முகம் முழுக்க ஃபவுண்டேஷனே தேவையில்லை. மூக்கின் இரு பக்கமும், சிவப்போ திட்டோ இருக்கிற இடங்களிலும் மட்டும் ஈரமான ஸ்பாஞ்சால் ஒற்றி, ஓரங்களைக் கரைத்துவிட்டால் போதும். மிச்ச இடத்தில் அவருடைய சொந்தத் தோலே இருக்கும், அதன் துளைகளும் தெரியும். ஏர்பிரஷ் என்றால் மெல்லியதாக இருக்குமே என்று சிலர் கேட்பார்கள். மெல்லியதுதான், ஆனால் தெளிக்கிற பூச்சு தாடி முடியிலும் புருவத்திலும் பொடிப்பொடியாக உட்கார வாய்ப்பு உண்டு. தாடிக்காரர்களுக்குக் கையால் ஒற்றுவதே பத்திரம்.

ஷேவ் எப்போது என்பதையும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். சனிக்கிழமை மேக்கப்புக்குச் சற்று முன்னால் ஷேவ் செய்தால் தோல் எரியும், சின்ன வெட்டில் ரத்தம் கசியும், பூச்சு அங்கே ஒட்டாது. அன்று காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. முகூர்த்தத்துக்கு விடியற்காலையில் மீண்டும் கன்ன ஓரத்தை ஒதுக்க வேண்டியிருந்தால், அது முடிந்து குளித்து, தோல் அடங்கின பிறகு நாற்காலியில் உட்காரலாம்.

ரிசப்ஷனில் எதிரி வெளிச்சம். பளபளப்பை அடக்கப் போடும் வெள்ளைப் பவுடர்களில் சில, சிலிக்கா அதிகம் உள்ளவை; சில சன்ஸ்க்ரீன்களில் டைட்டானியம் டையாக்சைடு, ஜிங்க் ஆக்சைடு இருக்கும். நேரில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கேமரா ஃப்ளாஷ் அடித்தவுடன் அந்த இடம் மட்டும் ஒளியைத் திருப்பி அடித்து, கண்ணுக்குக் கீழே மாவு தூவியது போல வெள்ளையாக விழும். ட்ரையல் அன்று விளக்கை அணைத்துவிட்டு செல்போனில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தால் இது அப்போதே தெரிந்துவிடும். மேடையில் எண்ணெய் வடிந்தால் உடனே பவுடர் போடக் கூடாது. வியர்வை மேல் விழும் பவுடர் திட்டுத்திட்டாகக் கட்டிவிடும். முதலில் எண்ணெய் உறிஞ்சும் தாளால், அது இல்லையென்றால் டிஷ்யூவால், ஒற்றி எடுத்துவிட்டு, வேண்டுமானால் மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் துளி பவுடர். ஒற்றும் தாளை மாப்பிள்ளைத் தோழன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

முகூர்த்தம் வேறு கதை. நெற்றியில் சந்தனம், குங்குமம், விபூதி எல்லாம் விழும், பெரியவர்களின் கை படும். அங்கே பூச்சு இருந்தால் விபூதியோடு குழைந்து கறையாகிவிடும். அதனால் காலையில் நெற்றியை வெறுமையாகவே விடச் சொல்ல வேண்டும். ஹோமப் புகையில் கண்ணீர் வரும், துடைப்பதற்குக் கை தானாகப் போகும். கண்ணுக்குக் கீழே தண்ணீர் தாங்கும் பொருளையே போடுவதும், துடைக்காமல் ஒற்றிக்கொள்வதும் உதவும். தாடைக்குக் கீழே எதுவும் பூசாமல் விட்டால் வெள்ளைச் சட்டையின் காலரில் மஞ்சள் கறை ஏறாது.

நலங்கு முந்தின நாள் இருந்தால் அதையும் செய்தியில் எழுத வேண்டும். மஞ்சள் முகத்தில் தங்கினால் ட்ரையலில் பொருந்திய ஷேடு அன்று பொருந்தாது. மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தேங்காயெண்ணெயைத் தேய்த்து ஊறவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். ரிசப்ஷன் முடிந்த இரவும் மேக்கப்பை முழுவதும் கழுவிவிட்டுத்தான் படுக்க வேண்டும், மறுநாள் பூச்சு பழைய பூச்சின் மேல் ஏறக் கூடாது.

அரிப்பு வரும் தோலுக்கு, போடப்போகும் பொருள்களை ட்ரையலுக்கு முன்பே முழங்கையின் உள்பக்கம் தடவி 2 நாள் பார்க்க வேண்டும். முதன்முதலாகச் செய்யும் ஃபேஷியல், ப்ளீச் எதையும் கல்யாணத்துக்கு முந்தின வாரத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. பரு கிளம்பினால் அடங்க நேரம் இருக்காது.

இத்தனைக்கும் பிறகு ஒரு ஆள் மிச்சமிருக்கிறார், ஆல்பம் செய்பவர். கலைஞர் காப்பாற்றிக் கொடுத்த நிறத்தைக் கம்ப்யூட்டரில் ஒரே இழுப்பில் வெளுத்துவிட அவரால் முடியும். மேக்கப் கலைஞருக்கு அனுப்பிய செய்தியின் நடுப்பகுதியை அப்படியே அவருக்கும் அனுப்பிவிட வேண்டும்: என் நிறத்தை மாற்ற வேண்டாம், மச்சத்தை அழிக்க வேண்டாம்.